வெறுங்காலுக்கு எந்தத் தரை?



திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் வீடு கட்டிவரும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கீழே அவரும் மனைவியும், மாடியில் விருந்தினருக்கு இரண்டு அறைகள். இருவருக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. “வீடு முழுக்க ஒரே பளபள விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டுவிடலாம், துடைக்கச் சுலபம் என்கிறார் மேஸ்திரி. சரியா?” என்று கேட்டிருக்கிறார்.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் சரிதான். இந்த டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே தண்ணீர் உறிஞ்சும். அதனால் கறை உள்ளே இறங்காது. ஆனால் பளபளப்பான பரப்பில் ஈரம் பட்டால் கால் நிற்காது. குளியலறைக்கும் வாசலுக்கும் அதைப் போட வேண்டாம்.

‘வழுக்காத டைல்ஸ்’ என்று கடையில் ஆர்9, ஆர்10 எனக் குறியீடு காட்டுவார்கள். எண்ணெய் பூசிய சாய்தளத்தில் ஒருவரை ஷூ போட்டு நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்த்துத் தருவது அந்த எண். நம் வீட்டிலோ செருப்பு வாசலோடு சரி. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலால் நடந்து பார்க்கும் தனிச் சோதனை உண்டு. அதன் தரங்கள் ஏ, பி, சி. குளியலறைக்கு ‘பி’ தரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாம்பிள் டைலில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்தபடி நீங்களே பாதத்தால் தேய்த்துப் பாருங்கள்.

குளியலறைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி மேட் டைல்ஸே நல்லது. பெரிய டைல்ஸில் தண்ணீர் போகும் துளையை நோக்கி நாலு பக்கமும் வாட்டம் கொடுக்க முடியாது, மூலையில் தண்ணீர் நிற்கும். சின்ன டைல்ஸில் இணைப்புகள் அதிகம், அவையும் காலுக்குப் பிடிப்பு தரும். உப்புத் தண்ணீர் படிந்து வெள்ளை பூத்தால் ஆசிட் ஊற்றாதீர்கள், அது இடுக்கிலுள்ள சிமென்ட்டை அரித்துவிடும். அங்கே எபாக்ஸி கிரௌட் போட்டால் பல வருடம் தாங்கும்.

வாசலுக்கும் படிக்கும் நான் கருங்கல்லைத்தான் சொல்வேன், அதுவும் ‘ஃபிளேம்’ செய்த கிரானைட். தீச்சுடர் பட்டதும் கல்லின் மேல்தோல் பொடிப்பொடியாகத் தெறித்து, மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாகிவிடும். கிரிவலம் முடித்து மழையில் நனைந்த காலோடு வருபவர்களும் நிதானமாக ஏறலாம். மாப் துணி அதில் சிக்கும், பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். கடப்பா, கோட்டா கற்கள் கிரானைட் போலல்ல, சுண்ணாம்புக் கல் வகை. சமையலறையில் எலுமிச்சை, புளித்தண்ணீர் சிந்தினால் மெருகு போய்த் தழும்பு விழும்.

மெருகேற்றிய கான்கிரீட் பார்க்க அழகு. ஆனால் கொட்டி 28 நாள் கழித்தே வழக்கமாகத் தேய்ப்பார்கள். மறுநாளே கோடு வெட்டாவிட்டால் கண்ட இடத்தில் விரிசல் ஓடும். மேலே சீலர் இல்லாவிட்டால் மஞ்சளும் எண்ணெயும் ஊறும், சீலரையும் சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வயதான இருவருக்கு இந்த வேலை வேண்டாம் என்பது என் கருத்து.

கார்த்திகை தீபத்தன்று வாசல் கல்லில் அகல் எண்ணெய் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். மரத்தூளைக் கனமாகத் தூவி, ஓர் இரவு ஊறவிட்டுப் பெருக்குங்கள். மிச்சத்தை மறுநாள் பாத்திரம் விளக்கும் சோப்பும் வெந்நீரும் எடுத்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்