48 மணி நேரத்துக்குள் சான்றிதழா?

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சுகவீனத்துக்கென்று தனியாக விடுமுறை தரவில்லை. சொந்த அலுவல், நோய், வேறு நியாயமான காரணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 7 நாட்கள்தான். மிச்சத்தை நியமனக் கடிதத்தின் வாசகமே தீர்மானிக்கிறது. “வராத நாளிலிருந்து 48 மணி நேரத்துக்குள் மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும், தவறினால் வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படும்” என்று அதில் இருந்தால், படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு நகரக் கடைக்கு வரும் ஒருவருக்கு டெங்கு கண்டால் என்ன ஆகும்? ஐந்து நாள் வார்டில் கிடப்பவருக்கு நோய் விபரத் துண்டு வீட்டுக்கு அனுப்பும்போதுதான் கிடைக்கும். அவர் எந்தத் தவறும் செய்யாமலே மூன்றாம் நாள் கெடு கடந்துவிடும்.

பொய்ச் சான்றிதழ்கள் உண்டே, இரண்டு பேர் நிற்கும் கடையில் ஒருவர் வராவிட்டால் யார் பார்ப்பது என்று முதலாளிகள் கேட்பது நியாயம்தான். ஆனால் கடையை நடத்த முதலாளிக்குத் தேவை தகவல்; அதை அன்று காலையே வீட்டார் தொலைபேசியில் சொல்லலாம். சான்றிதழை வேலைக்குத் திரும்பும் நாளில் வாங்கி, திகதிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீண்ட நாள் வராதவருக்கோ முதலில் பதிவுத் தபாலில் விளக்கம் கேட்க வேண்டும். வராமல் இருந்ததோடு, திரும்பி வரும் எண்ணமும் இல்லாதிருந்தால்தான் அது வேலையைக் கைவிட்டதாகும் என்பதே நம் நீதிமன்றங்களின் நிலைப்பாடு.