பூட்டிய கைப்பேசி உங்களுக்காகப் பேசட்டும்

காலை நேரத்தில் ஜுரு டோல் சாவடி வட்டாரத்தைக் கடக்கும்போதெல்லாம், லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் விரையும் மாணவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர் விழுந்து நினைவிழந்தால், அவருடைய பெயரையும் முகவரியையும் மைகார்டைப் பார்த்து அறியலாம். அம்மாவின் தொலைபேசி எண்ணோ, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரோ அந்த அட்டையின் மேல் இராது. அவை இருக்கும் கைப்பேசி பூட்டிக் கிடக்கும்.

2005இல் இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் ஓர் எளிய யோசனை சொன்னார். நெருங்கிய உறவினரின் எண்ணை ICE என்ற பெயரில் கைப்பேசியில் சேமித்து வையுங்கள் என்றார். அவ்வாண்டு ஜூலை 7இல் நடந்த லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த யோசனை பல நாடுகளுக்கும் பரவியது. அன்று பெரும்பாலான கைப்பேசிகளை யாரும் திறந்து பார்க்க முடிந்தது. இன்று கடவுச்சொல்லும் கைரேகையும் இல்லாமல் தொடர்புப் பட்டியலுக்குள் நுழைய முடியாது. அதனால்தான் 2014இல் ஐபோனிலும், 2016இல் ஆண்ட்ராய்டிலும், பூட்டைத் திறக்காமலே அவசரத் தகவலைக் காட்டும் வசதி வந்தது. ஆனால், விவரங்களை நாம் நிரப்பாவிட்டால் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

ஐபோனில் Health செயலியைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தட்டி, Medical ID பகுதிக்குச் செல்லுங்கள். விவரங்களை நிரப்பியதும் Show When Locked என்பதை இயக்க மறக்காதீர்கள். சாம்சங் கைப்பேசியில் Settings-க்குள் Safety and emergency பகுதியில் இது இருக்கும். வேறு நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு என்றால், Settings-இன் தேடல் கட்டத்தில் emergency என்று தட்டிப் பாருங்கள்.

என்ன எழுதுவது? பலரும் முதலில் இரத்த வகையைத்தான் எழுதுவார்கள். ஆனால், மருத்துவமனை அதை நம்பி இரத்தம் ஏற்றாது; தானே சோதித்துப் பார்க்கும். சிகிச்சையை மாற்றக்கூடிய விவரங்களே முக்கியம். ஜுருவிலிருந்து பெர்மாத்தாங் பாவ் பக்கம் உள்ள கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு முதல் வகை நீரிழிவு, இன்சுலின் போடுகிறார். காலை உணவைத் தவறவிட்ட ஒரு நாள், பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுகிறார். ஆம்புலன்ஸ் குழு விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்க்கும். குறைவாக இருந்தால் நரம்பு வழியே குளுக்கோஸ் கொடுக்கும். அவர் கண் விழித்துவிடலாம். ஆனால், உடலில் இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் சர்க்கரை மீண்டும் இறங்கும். "Diabetes jenis 1, guna insulin" என்ற ஒரே வரி திரையில் இருந்தால், அவரைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது குழுவினருக்கு உடனே புரியும். வலிப்பு நோய், பென்சிலின் ஒவ்வாமை, இரத்தம் உறையாத நோய் ஆகியவற்றையும், அன்றாடம் உட்கொள்ளும் மருந்தின் பெயரையும் இப்படியே சுருக்கமாக எழுதுங்கள். உதவ வருபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஆகவே மலாய் அல்லது ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது.

அவசரத் தொடர்பிலும் இதே கவனம் தேவை. தமிழில் 'அம்மா' என்று சேமித்திருந்தால் பலரால் படிக்க முடியாது. "Ibu" என்று உறவைக் குறிப்பிடுங்கள். பிறை, ஜுரு தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோர் பலர் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். எனவே அண்ணன், சித்தப்பா என்று இரண்டாவது எண்ணையும் சேருங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுக்கும்படி அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இந்தப் பக்கத்தை உங்கள் கைப்பேசியை எடுக்கும் எவரும் பார்க்கலாம். அதனால் அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் அதில் வேண்டாம். விபத்தில் கைப்பேசி நொறுங்கலாம், பேட்டரி தீர்ந்தும் போகலாம். ஆகவே தீவிர நோய் உள்ளவர்கள் அதே விவரங்களை ஒரு சிறு தாளில் எழுதி, மைகார்டுடன் வைத்துக்கொள்வது அவசியம். கைப்பேசியை மாற்றினாலும், மருந்து மாறினாலும் பக்கத்தைத் திருத்த வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று அறிய ஒரே வழிதான் உண்டு. கைப்பேசியைப் பூட்டி நண்பரிடம் கொடுத்து, "என் அம்மாவின் எண்ணைக் கண்டுபிடி" என்று சொல்லுங்கள். திரையின் Emergency பொத்தானைத் தட்டி, அங்கிருந்து மருத்துவத் தகவலுக்கு அவர் செல்ல வேண்டும். 999 எண்ணை மட்டும் அழைத்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை நிமிடத்திற்குள் அவரால் எண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அமைப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அதைத் திருத்திய பிறகு நண்பரின் கைப்பேசியை வாங்கி, அவருக்கும் அதே சோதனையைச் செய்யுங்கள்.