கதவைத் திறந்தால் நம்பர் காணோம்!

நெல்லித்தோப்பு சிக்னலில் சிவப்பு விழுந்தால் தப்பிக்க வழியில்லை, நின்றுதான் ஆகவேண்டும். முன்னால் ஒரு குட்டி யானை நிற்கிறது. முதுகு முழுக்க ஸ்டிக்கர். மேலே சாமி படம், நடுவில் லோகோ, அதற்குக் கீழே தரத்தைப் பற்றி ஒரு வாசகம், ஜிமெயில் முகவரி, கியூ.ஆர். கோடு. எல்லாம் இருக்கிறது. என்ன விற்கிறார்கள், எந்த நம்பருக்குப் போன் போடுவது? அதை மட்டும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பச்சை விழுந்துவிடுகிறது. வண்டி போய்விட்டது, வியாபாரமும் கூடவே போய்விட்டது.

வேற யாரோட வண்டியாகவாவது இருந்தால் விட்டுத் தொலைக்கலாம். எங்கள் அக்கா வீட்டுக்காரருக்கே இது நடந்ததுதான் வயிற்றெரிச்சல். மாமா லாசுப்பேட்டையில் இட்லி மாவு அரைத்து கடைகளுக்கு சப்ளை பண்ணுகிறார். கடன் வாங்கி, மூடிய கன்டெய்னர் பாடி போட்ட டாடா ஏஸ் எடுத்தார். ஸ்டிக்கர் கடையில் டிசைன் போட்டுக் காட்டினார்கள். கம்ப்யூட்டரில் அவ்வளவு அழகு! வாழை இலைப் பச்சையில் சிவப்பு எழுத்து, ஆவி பறக்கும் இட்லி. மாமா தலையாட்டிவிட்டார். ஒட்டி வந்த பிறகு, வண்டியைப் பார்த்து ஒருத்தர்கூட போன் பண்ணவில்லை. போய்க் கேட்டால், "ஸ்க்ரீன்ல பாத்துட்டு ஓகே சொன்னீங்களே அண்ணா" என்கிறார் அந்தத் தம்பி.

ஸ்க்ரீன் தட்டையாக இருக்கிறது தம்பி. வண்டி தட்டையாகவா இருக்கிறது?

கன்டெய்னரின் பக்கச் சுவர் தகரத்தில் மேலிருந்து கீழ்வரை வரிவரியாகப் பள்ளம் இருக்கும். தகரம் வளையாமல் நிற்க அது வேண்டும். ஸ்டிக்கரை அந்தப் பள்ளத்துக்குள் ஹீட் கன் காட்டி இளக்கி, ரோலரால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். அவசரத்தில் மேட்டுக்கு மேடு இழுத்து ஒட்டிவிட்டால், பள்ளத்தின் மேல் காற்று அடைந்து நிற்கும். வெயிலில் அந்தக் காற்று விரிந்து உப்பும், மழையில் ஓரம் வழியாகத் தண்ணீர் இறங்கும், அப்புறம் உரிய ஆரம்பிக்கும். சரி, ஒழுங்காக அழுத்தி ஒட்டினாலும், எந்த எழுத்து பள்ளத்தில் விழுகிறது என்று யாராவது பார்த்தார்களா? மாமா வண்டியில் 'இட்லி'யில் இருக்கிற 'ட்'டின் புள்ளி நேராகப் பள்ளத்துக்குள் போய்விட்டது. கொஞ்சம் சாய்வாக நின்று பார்த்தால் 'இடலி மாவு'. அளவு எடுக்கும்போதே டேப்பைப் பிடித்து, வரி எங்கே வருகிறது, கீல் எங்கே, தாழ்ப்பாள் எங்கே என்று குறித்துக்கொண்டிருந்தால் இது வருமா? இவர்கள் ஒரு வண்டிப் படத்தை நெட்டில் எடுத்து, அதன் மேல் டிசைனை வைத்துவிடுகிறார்கள். அது நம் வண்டியே இல்லை!

இதைவிடக் கொடுமை, கதவு. பின்பக்கம் இரட்டைக் கதவு. கடை வாசலில் நிறுத்தி மாவு இறக்கும்போது, இரண்டையும் முழுசாகத் திருப்பி பக்கச் சுவரோடு சாத்தி மாட்டிவிடுவார்கள். வண்டி அசையாமல் நிற்கிற நேரம் அதுதான். தெருவில் போகிறவர்கள் நிதானமாகப் பார்க்கிற நேரமும் அதுதான். பின்னால் இருந்த நம்பர் கதவோடு திரும்பி உள்பக்கம் போய்விட்டது. பக்கச் சுவரின் பின்பாதியில் இருந்த நம்பரைக் கதவு மூடிவிட்டது. ரெண்டு நம்பரும் காலி! வெளியே தெரிவது கதவின் வெறும் உள்பக்கத் தகரம். அந்த உள்பக்கத்தில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கலாம். பக்கவாட்டு நம்பரை டிரைவர் கேபினை ஒட்டி முன்பாதியில் வைத்திருக்கலாம். வண்டியின் கதவை ஒருமுறை திறந்து பார்த்தவனுக்குத் தோன்றியிருக்கும். திறந்துதான் பார்க்கவில்லையே.

உயரத்தையும் பாருங்கள். நம்ம ஊர் வீதியில் ரெண்டு பக்கமும் டூவீலர் நிற்காத இடம் உண்டா? சாலையிலிருந்து மூணரை அடி வரைக்கும் ஹேண்டில்பாரும் சீட்டும்தான் தெரியும். சிக்னலில் வண்டிக்குப் பின்னாலும் டூவீலர்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் போன் நம்பர் எப்போதும் அடியில். மேலே, கண்ணுக்கு நேரான நல்ல இடத்தில் சுலோகன். யாராவது சுலோகனுக்குப் போன் போட முடியுமா?

போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. எழுத்து ஓர் அங்குல உயரம் இருந்தால் பத்தடி தூரத்தில் சிரமமில்லாமல் படிக்கலாம். மாமா வண்டிப் பக்கவாட்டில் நம்பர் ரெண்டு அங்குலம். அதாவது இருபதடி. எதிரெதிரே முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ரெண்டு வண்டிகள் ஒரு நொடிக்கு ஐம்பது அடிக்கு மேல் நெருங்குகின்றன. அரை நொடிகூடக் கிடைக்காது. அதில் மூணு நம்பர் போட்டிருக்கிறார்கள்! ஒன்றையே மனசில் பிடிக்க முடியாதபோது மூணு எதற்கு?

ரோட்டில் போகும்போது படிக்க நேரம் கிடைப்பது சிக்னலில், பின்பக்கம் மட்டும்தான். அங்கே என்ன செய்திருக்க வேண்டும் என்று மாமாவும் நானும் டேப் வைத்து அளந்தோம். ஒவ்வொரு கதவும் ரெண்டடிக்குக் கொஞ்சம் அதிகம். கீலும் தாழ்ப்பாள் கம்பியும் போக இருபது அங்குலம் சுத்தமாகக் கிடைக்கிறது. மொபைல் நம்பர் பத்து இலக்கம். இடது கதவில் அஞ்சு, வலது கதவில் அஞ்சு. நாமெல்லாம் நம்பரை அப்படித்தானே அஞ்சு அஞ்சாகச் சொல்கிறோம்? ஓர் இலக்கத்துக்கு இடைவெளியோடு நாலு அங்குல அகலம் வந்தால், உயரம் தாராளமாக ஆறு அங்குலம் வைக்கலாம். அறுபதடி பின்னால் நிற்கிற ஆள்கூடப் படிப்பார். இப்போது இருக்கிற டிசைனில் ஆறாவது இலக்கம் இரண்டு கதவின் இடுக்கில் விழுந்து, 8-ஆ 3-ஆ என்று தெரியவில்லை.

நிறத்துக்கு வெளியூர் போக வேண்டாம். ஒயிட் டவுனில் தெருப்பெயர் பலகைகளைப் பாருங்கள். நீலத்தில் வெள்ளை, தமிழிலும் பிரெஞ்சிலும். தூரத்திலிருந்தே தெரிகிறது. காரணம், ஒரு நிறம் அடர்த்தி, இன்னொன்று வெளிச்சம். பச்சையில் சிவப்பு போட்டால் இரண்டுமே ஏறக்குறைய ஒரே அடர்த்தி. பொழுது சாய்ந்ததும் இரண்டும் சேர்ந்து கறுத்துவிடும். போனில் போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாலே போதும், எழுத்து அப்படியே மறைந்துபோவது தெரிந்துவிடும்.

ஆட்டோக்களின் கதையும் இதேதான். ரெக்ஸின் ஹூடின் வளைவில் நீளமாக ஒரு பேனரைக் கட்டுகிறார்கள். ரெண்டு ஓரத்து எழுத்தும் வளைந்து பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. பின்னால் நிற்கிறவருக்கு நம்பரின் நடுப்பகுதி மட்டும் தெரிகிறது. சில வண்டிகளில் டிரைவர் பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஜன்னலையும் சேர்த்து மூடியிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபத்தை அடக்க முடியவில்லை. நம்பர் பிளேட்டையும், டெயில் லேம்ப்பையும், சிவப்பு ரிப்ளெக்டர் டேப்பையும் ஸ்டிக்கர் தின்கிற வண்டிகளும் ஓடுகின்றன. விளம்பரத்துக்காக உயிரையா பணயம் வைப்பது?

மாமா பின்பக்கத்தை மட்டும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லியிருக்கிறார். இந்த முறை முதலில் நியூஸ்பேப்பரில் ஆறு அங்குலத்துக்கு இலக்கங்களை வெட்டி, செலோ டேப்பால் கதவில் ஒட்டி, தெருமுனை வரை நடந்துபோய்ப் படித்துப் பார்த்தோம். அக்காவும் கண்ணாடி போடாமல் படித்தாள். ஸ்டிக்கர் கடைத் தம்பி வந்து பார்த்தார். "நல்லாதான் இருக்கு அண்ணா, ஆனா பின்னாடி ரொம்ப காலியா இருக்கே, ஒரு இட்லி படம் வெச்சுடட்டுமா?" என்கிறார். வேண்டாம் தம்பி. 'இட்லி மாவு', அதற்குக் கீழே நம்பர், அவ்வளவுதான்.