விமானத்துக்கு 20 வயசு, சீட்டுக்கு 5 வயசு: ஒரே கணக்கு சரிப்படுமா?

ஒரு விமானத்தின் பாகங்கள் எல்லாம் ஒரே நாளில் ஓய்வு பெறுவதில்லை. அப்புறம் தேய்மானம் மட்டும் ஏன் ஒரே கணக்கில் ஓடணும்? முக்கியமான பாகத்தின் ஆயுள் வேறு என்றால் கணக்கும் வேறு என்கிறது இந்தியாவின் கம்பெனிகள் சட்டம், 2013. அதுதான் நியாயம்.

விமானம் 300 கோடி ரூபாய் என வைத்துக்கொள்வோம். உடல்பகுதி 180 கோடி, 20 வருஷம். இன்ஜின்கள் 100 கோடி, 10 வருஷம். சீட்டுகள் 20 கோடி, 5 வருஷம். மொத்தத்தையும் 20 வருஷத்துக்குப் பரப்பினால் ஆண்டுத் தேய்மானம் 15 கோடி. பிரித்துப் போட்டால் 9, 10, 4 என 23 கோடி.

இடையிலிருக்கும் 8 கோடி லாபமாகத் தெரியும். ஆனா, அது சம்பாதித்த காசு இல்லை, தள்ளிப்போட்ட செலவு. ஐந்தாம் வருஷம் சீட்டுகளைக் கழற்றி எறிந்த பிறகும், கணக்கில் அவற்றுக்கு 15 கோடி மதிப்பு மிச்சமிருக்கும்!

கோடவுனில் காத்திருக்கும் உபரி இன்ஜினும் வெறும் ஸ்டாக் இல்லை, சொத்துதான். மாட்டுவதற்குத் தயாரான நாளிலிருந்தே அதற்குத் தேய்மானம் உண்டு. பாதி கட்டிய ஹேங்கருக்கு மட்டும் வேலை முடியும்வரை தேய்மானம் இல்லை. அதனால், முடிந்த வேலையையும் ‘நடப்பு மூலதனப் பணி’ என்றே காட்டினால் லாபம் வீங்கும்.

பங்கு வாங்குகிறவர்கள் ஆண்டறிக்கையில் அந்தப் பணிகளின் வயது அட்டவணையைப் பார்க்கலாம். ‘3 வருஷத்துக்கு மேல்’ என்ற கட்டத்தில் பெரிய தொகை இருந்தால், ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.