லோகோ தூள் விற்காது

வீட்டில் தூள் இடித்து விற்கத் தொடங்குகிற ஓர் அக்காவிடம் எங்கட ஆக்கள் கேட்கிற முதல் கேள்வி, "லோகோ செய்தாச்சோ?" என்பதுதான். தூள் எத்தனை நாள் மணம் மாறாமல் இருக்கும், வாங்கினவர் இரண்டாம் தரம் வருவாரா என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் வரும். பல நேரம் வரவே வராது.

இந்த ஒழுங்கு தலைகீழானது. அதற்கு விலை கொடுக்கிறது அந்த அக்காதான். கையில் இருப்பது சீட்டெடுத்த காசாக இருக்கும், இல்லாவிட்டால் அடகு வைத்த சங்கிலியாக இருக்கும். அதில் பாதியை "பிராண்டிங்" என்ற சொல் தின்றுவிட்டால், செத்தல் மிளகாய் வாங்கவே கடன்பட வேண்டி வரும்.

முதலில் சொல்லை விளங்கிக்கொள்வோம். பிராண்ட் என்பது பைக்கற்றில் இருக்கிற படம் இல்லை. அது வாங்கினவரின் தலைக்குள் இருக்கிற ஞாபகம். "உந்த மஞ்சள் லேபல் தூள், போனமுறை நல்லா இருந்தது" என்று ஒருவர் கடையில் நின்று நினைத்தால், அதுதான் பிராண்ட். இதில் இரண்டு பாதி இருக்கிறது: பார்த்தவுடன் அடையாளம் தெரிவது ஒன்று, முன்பு சாப்பிட்ட அனுபவம் ஞாபகம் வருவது மற்றது. இரண்டும் சாமான் கைமாறிய பிறகுதான் உண்டாகும். இன்னும் ஒருவருக்குமே விற்காத தூளுக்கு பிராண்ட் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது படம் மட்டும்தான்.

இனி ஒரு கணக்கு. இலக்கங்கள் விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கட ஊர் விலையைப் போட்டு நீங்களே பார்க்கலாம். கோண்டாவிலில் ஓர் அக்கா 250 கிராம் கறித்தூள் பைக்கற் விற்கிறார். எல்லாச் செலவும் போக ஒரு பைக்கற்றில் 120 ரூபா மிஞ்சுகிறது. மாதம் 60 பைக்கற் போகிறது. கையில் 100,000 ரூபா முதல்.

முதல் பொய்: நல்ல லோகோ இல்லாமல் தொடங்க ஏலாது.

லோகோ, விசிட்டிங் காட், பேஸ்புக் கவர் எல்லாம் சேர்த்து ஒருவர் 40,000 ரூபா கேட்கிறார் என்று வைப்போம். 40,000ஐ 120ஆல் பிரித்தால் 334 பைக்கற். அதாவது அக்கா ஐந்தரை மாதம் இடித்து, வறுத்து, நிரப்பி உழைக்கிற முழு லாபமும் அந்தப் படத்துக்கே போகிறது. அந்தப் படம் ஒரு பைக்கற்றையாவது கூட விற்றுக் கொடுத்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"நைக்கியைப் பாருங்கோ, அந்தச் சரிக் குறியிலதானே எல்லாம்" என்பார்கள். சரி, பார்ப்போம். அந்தக் குறியை 1971இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. அவருக்கு அப்போது கிடைத்தது 35 டொலர். அந்தக் கோடு இன்றைக்குப் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அதன் பின்னால் பல பத்து வருடம் சப்பாத்து விற்றதும் ஓயாத விளம்பரமும்தான். லோகோ வெறும் ஆணி. நீங்கள் கொழுவுகிற அனுபவம்தான் அதற்குப் பாரம் கொடுக்கும்.

தொடங்குகிறவருக்குத் தேவை மூன்றே மூன்று: ஒரு பெயர், ஒரு நிறம், ஒரே எழுத்து வடிவம். அவற்றை மாற்றாமல் வைத்திருந்தால் போதும். பெயர் சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒருவருக்கு போனில் பெயரைச் சொல்லுங்கள். மறுநாள் அதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிழையாக எழுதினால் பெயரில்தான் பிழை. நிறத்துக்கும் ஒரு சோதனை. பைக்கற்றைக் கடைத் தட்டில் மற்றத் தூள்களுக்கு நடுவில் வைத்து ஆறடி தள்ளி நில்லுங்கள். ஏற்கெனவே வாங்கின ஒருவர் உடனே அதைக் காட்டுகிறாரா? தேடுகிறார் என்றால், பக்கத்தில் இருக்கிற எல்லாப் பைக்கற்றையும் போல நீங்களும் சிவப்பில் அடித்திருக்கிறீர்கள்.

இரண்டாம் பொய்: அச்சடித்த பைக்கற் இருந்தால்தான் ஆக்கள் நம்புவார்கள்.

இதில்தான் அதிக காசு கரைகிறது. பைக்கற்றிலேயே நேரடியாக அச்சடிக்கிற கிராவியூர் முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி உலோக உருளை செதுக்க வேண்டும். உருளைக் காசு முதலிலேயே போய்விடும். அதனால் அச்சகம் பெரிய தொகை ஓடரைத்தான் எடுக்கும். 5,000 பைக்கற் எடுத்தார் என்று வைப்போம். மாதம் 60 போகிற தொழிலில் அது முடிய 83 மாதம், ஏறக்குறைய ஏழு வருடம். அதற்குள் போன் நம்பர் மாறும். மிளகாய் விலை ஏறி 250 கிராமை 200 ஆக்க வேண்டி வரும். ஒரு வரி மாறினாலும் அந்த நிறத்தின் உருளையைத் திரும்பச் செதுக்க வேண்டும். மிச்சப் பைக்கற் கட்டிலுக்குக் கீழே கிடக்கும்.

அதைவிட அச்சடிக்காத பைக்கற்றை வாங்கி ஸ்டிக்கர் லேபல் ஒட்டுவது எவ்வளவோ மேல். 7 சென்ரிமீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் உயரம் என்ற அளவில் ஓர் ஏ3 தாளில் 16 லேபல் கொள்ளும். இந்த மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அடிக்கலாம். இங்க்ஜெட்டில் அடித்தது ஈரம் பட்டால் கரையும், லேசரில் அடிக்கக் கேளுங்கள். தூள் நிரப்ப முன்னரே லேபலை ஒட்டுங்கள். நிரப்பின பிறகு பைக்கற்றின் வெளியில் தூளும் எண்ணெய்ப் பசையும் படிந்திருக்கும், ஒட்டினது இரண்டு நாளில் உரியும்.

மிச்சம் பிடிக்கிற காசில் ஒரு பங்கைப் பைக்கற்றின் தரத்துக்குப் போடுங்கள். "தூள் தெரியவேணும், அதுதான் வடிவு" என்று கண்ணாடி போன்ற பைக்கற்றில் போடுகிறார்கள். வெளிச்சமும் காற்றும் மிளகாயின் நிறத்தை வெளுக்க வைக்கும். கடை வாசலில் வெயில் படத் தொங்குகிற பைக்கற் சில கிழமையில் மங்கிப்போகும், மணமும் போகும். உள்ளே வெள்ளி நிறப் படலம் உள்ள, வெளிச்சம் புகாத பைக்கற் வடிவில் குறைவாக இருக்கலாம். ஆனால் திறந்தவுடன் மூக்குக்கு வருகிற மணம்தான் அடுத்த பைக்கற்றை விற்கும்.

லேபலில் பூவும் கொடியும் போட இடம் தேட முதல், சாமானின் பெயர், சேர்மானங்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவரின் பெயரும் முகவரியும், அதிகூடிய சில்லறை விலை என்பவற்றுக்கு இடம் விடுங்கள். இவை இல்லாமல் வந்தால், எவ்வளவு வடிவான லேபலாக இருந்தாலும் கடைக்காரர் தட்டில் வைக்க யோசிப்பார். பி.எச்.ஐ. வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தானே. அச்சடிக்க முதல் உங்கட பகுதிப் பி.எச்.ஐ.யிடம் மாதிரியைக் காட்டிக் கேளுங்கள். அதற்குக் காசில்லை.

மூன்றாம் பொய்: பெயரைப் பதிந்தாச்சு, இனிப் பெயர் எங்கட.

பிரதேச செயலகத்தில் எடுக்கிற வியாபாரப் பெயர்ப் பதிவு, இந்தப் பெயரில் இந்த ஆள் தொழில் செய்கிறார் என்பதற்கான அத்தாட்சி. வங்கிக் கணக்குத் திறக்க அது வேண்டும், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெயரை வேறொருவர் தன் பைக்கற்றில் போடுவதைத் தடுக்கிற உரிமையை அது தராது. அந்த உரிமைக்கு வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும். அது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் நடக்கும். மசாலா வகைகள் வருவது 30ஆம் வகுப்பில். பதிவு 10 வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம்.

இன்னொரு பொறி, பெயரிலேயே இருக்கிறது. "யாழ்ப்பாணத் தூள்" என்று பெயர் வைத்துவிட்டு அதைச் சொந்தமாக்கப் பார்க்கிறார்கள். சாமானின் வகையையும் வருகிற ஊரையும் மட்டும் சொல்கிற சொல்லைச் சட்டம் ஒருவருக்குத் தனியாக எழுதிக் கொடுக்காது. எல்லாரும் பாவிக்க வேண்டிய சொல் அது. அந்தப் பெயரை விளம்பரம் செய்ய நீங்கள் போடுகிற காசில், பக்கத்துத் தெருவில் அதே சொல்லோடு விற்கிறவருக்கும் பங்கு போகும். தூளோடு சம்பந்தமில்லாத ஒரு சொல்லை முன்னால் வையுங்கள். ஆச்சியின் பெயரோ, ஒரு பறவையின் பெயரோ, எதுவென்றாலும் சரி. ஏற்கெனவே வேறு தூளுக்கு அந்தப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விற்பனை நிலைத்த பிறகு குறியைப் பதியலாம்.

நாலாம் பொய்: விற்பனை விழுந்தால் லேபலை மாற்று.

அமெரிக்காவில் ட்ரொப்பிக்கானா தோடம்பழச் சாறு 2009 ஜனவரியில் தன் பெட்டியை மாற்றியது. ஸ்ட்ரோ குத்தின தோடம்பழப் படம் போய், சாறு நிரம்பின கண்ணாடிக் குவளை வந்தது. உள்ளே இருந்த சாறு அதேதான். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 வீதம் விழுந்தது. பெப்ரவரியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். வழமையாக எடுக்கிறவர்களின் கண்ணுக்குத் தங்கட பெட்டி அகப்படவில்லை. அவ்வளவு பெரிய கொம்பனிக்கே இந்த அடி என்றால், 60 பேர் ஞாபகம் வைத்திருக்கிற ஒரு மஞ்சள் லேபலை மாற்றினால் என்ன மிஞ்சும்?

விற்பனை ஏன் விழுந்தது என்று லேபல் சொல்லாது, கொப்பி சொல்லும். ஒரு சிஆர் கொப்பியில் மூன்று கோடு போடுங்கள்: திகதி, வாங்கினவர், புதியவரா திரும்பி வந்தவரா. மூன்று மாதம் எழுதினால் தெரியும். புதியவர் வருகிறார், திரும்பி வருவதில்லை என்றால், பிழை தூளில், விலையில், அல்லது பைக்கற் காற்று விடுவதில் இருக்கிறது. திரும்பி வருகிறார், புதியவர் இல்லை என்றால், இன்னும் இரண்டு கடைத் தட்டு தேவை. இந்த இரண்டு வருத்தத்துக்கும் புது லோகோ மருந்தில்லை.

அப்போ அந்த 100,000 ரூபா? மூன்று மாதத்துக்கான மிளகாய், மல்லி, அரைகூலிக்குப் பெரும்பங்கு. வெளிச்சம் புகாத பைக்கற்றுக்கும் சூட்டில் ஒட்டுகிற மெசினுக்கும் ஒரு பங்கு. லேபலுக்கு 5,000 ரூபாவுக்குள். 30 வீட்டுக்குச் சின்னப் பைக்கற் சும்மா கொடுக்க ஒரு பங்கு. மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள், செத்தல் விலை ஏறுகிற மாதம் வரும்.

கடைசியாக, இதை வாசிக்கிறவர்களில் டிசைன் செய்து உழைக்கிற பெடியளும் பெட்டையளும் இருக்கிறீர்கள். உங்கட தொழிலை நான் குறைவாகச் சொல்லவில்லை. உங்களிட்ட ஒரு தூள் அக்கா வந்தால், விலை சொல்ல முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அக்கா, இரண்டாம் தரம் வாங்கினவை எத்தனை பேர்?" பதில் இல்லாவிட்டால், வாசிக்கக்கூடிய ஒரு நல்ல லேபலைச் செய்துகொடுத்து, அதற்குரிய காசை மட்டும் வாங்குங்கள். 40,000 ரூபா வேலையை அவரிடம் இருநூறு பேர் திரும்பி வந்த பிறகு செய்யலாம். அப்போதுதான் அந்தக் காசு அவர் உழைத்த லாபத்திலிருந்து வரும். அதுவரைக்கும் அது அவரின் சங்கிலி.