வெள்ளப் பை வீடியோ பற்றி ஒரு வாத்தியாரின் கருத்து



நம் பள்ளியில் படித்த பையன் ஒருவன் குடும்பங்களுக்காக வெள்ள முன்னெச்சரிக்கை வீடியோ எடுக்கிறான். "சார், ஸ்கிரிப்டைப் படிச்சுப் பாத்து சொல்லுங்க" என்று அனுப்பியிருந்தான். நல்ல முயற்சிதான். ஆனால் இப்படியே எடுத்தால் பார்ப்பவர்கள் "ஃபார்வர்டு" செய்வார்களே தவிர, பையை எடுத்து வைக்க மாட்டார்கள். அவனுக்கு எழுதியதையே இங்கும் எழுதுகிறேன். இது போன்ற வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் பட்டியல். திரையில் ஒரே நேரத்தில் 26 பொருள்கள். அதில் "ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்குக் குடிநீர்" என்று ஒரு வரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டி, அப்பா, அம்மா, ஒரு குழந்தை என்று நாலு பேர். நாலு நாலு பதினாறு, மூன்று நாளுக்கு 48 லிட்டர். அதாவது 48 கிலோ! ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பாட்டியின் கையுமாக இறங்குகிறவர் இதை எந்தத் தோளில் தூக்குவார்?

இங்கே இரண்டு பட்டியல்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. மாடியில் தங்கிச் சமாளிப்பதற்கானது ஒன்று, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கானது இன்னொன்று. 48 லிட்டரும் அரிசியும் மண்ணெண்ணெய் விளக்கும் முதல் பட்டியலுக்கு உரியவை. அவற்றை மழைக்கு முன்பே மாடியில் ஏற்றிவிட வேண்டும். கிளம்பும் பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். ஆதார், ரேஷன் கார்டு, பத்திர நகல் எல்லாம் ஜிப் கவரில் இருக்கட்டும். பாட்டியின் மாத்திரைகளைப் பெயர் தெரியும் அட்டையோடு வையுங்கள், டாக்டர் சீட்டையும் சேர்த்து. டப்பாவில் கொட்டிய மாத்திரையை முகாமில் இருக்கும் டாக்டரால் அடையாளம் காண முடியாது. டார்ச், பவர் பேங்க், சில்லறை நோட்டுகள், ஒரு மாற்றுத் துணி, காகிதத்தில் எழுதிய போன் நம்பர்கள். எல்லாம் சேர்ந்து ஏழெட்டுக் கிலோதான் வரும்.

இதைப் படமாகக் காட்டும்போது ஒவ்வொரு பொருளாக ஒரு கை பைக்குள் வைக்கட்டும். பெயர் பெரிய எழுத்தில் வரட்டும், பாட்டி கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு. கடைசியில் அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிக் காட்டட்டும். அது ஒன்றே பாதி விளக்கத்தைச் செய்துவிடும்.

அடுத்தது, எப்போது கிளம்புவது? "அதிகாரிகள் அறிவித்ததும் வெளியேறவும்" என்கிறது ஸ்கிரிப்ட். அறிவிப்பு வந்தால் கண்டிப்பாகக் கிளம்ப வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்தபோது அடையாற்றங்கரையில் பலர் தூக்கத்தில் இருந்தார்கள். கரன்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. அது விநாடிக்கு ஓடும் நீரின் அளவு. அந்த எண்ணைக் கேட்டால் நம் வாசலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஓர் அடையாளம் வேண்டும். உதாரணமாக, "தெருத் தண்ணீர் முதல் படியைத் தொட்டால் கிளம்புகிறோம், மழை நிற்காவிட்டால் இருட்டுவதற்குள் கிளம்புகிறோம்." படியில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, அதைக் காட்ட வேண்டும். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். முழங்கால் அளவுதானே என்று காத்திருக்கக் கூடாது. யார் வீட்டுக்கு, எந்த வழியாக என்பதையும் அன்றைக்கே பேசி முடிவெடுக்க வேண்டும்.

மெயின் சுவிட்ச் விஷயத்திலும் வரிசை முக்கியம். தரை உலர்ந்திருக்கும்போதே அதை இறக்க வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு அதன் பக்கமே போகக் கூடாது. ஸ்கிரிப்டில் "மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. அதை நம்பி ஒருவர் ஈரத்தில் நின்று கை வைத்தால்?

கடைசியாகக் குரல். நிதானமான குரலில் "பதற்றப்படாதீர்கள்" என்று ஐந்து இடத்தில் வருகிறது. குழந்தை காதில் விழுவது "பதற்றம்" என்ற சொல் மட்டும்தான். ஐந்தையும் எடுத்துவிடச் சொன்னேன். "அப்பா மெயினை இறக்குகிறார். அம்மா பையை எடுக்கிறார். நீ பாட்டியின் செருப்பை எடுத்துக்கொள்" என்று ஆளுக்கொரு வேலை சொன்னால் நிதானம் தானாக வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஒரு மூச்சு இடைவெளி விட வேண்டும். உங்களுக்கு நான் டிக்டேஷன் சொன்ன வேகம் நினைவிருக்கிறதல்லவா, அதுவே போதும். பின்னணி வயலின் வேண்டாம், காது மந்தமானவர்களுக்குச் சொல் புரியாது.

முடிவில் 1070, 1077 இரண்டு எண்களும் பத்து விநாடியாவது திரையில் நிற்கட்டும். எழுதிக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும்.

திருத்திய ஸ்கிரிப்டை அவன் ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறான். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன். அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டி, எந்த இடத்தில் "என்னது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள் என்று குறித்து அனுப்புங்கள்.