பதினோரு மாதத் தாளை நம்பாதீர்கள்

போடி காமராஜர் சாலையிலோ பேருந்து நிலையத்தைச் சுற்றியோ கடை பிடிக்கப் போகிறவர் காதில் முதலில் விழுகிற பேச்சு இதுதான்: "பதினோரு மாசத்துக்கு எழுதிக்கலாம்ப்பா, ஊர்ல எல்லாரும் அப்படித்தான எழுதுறோம்." கட்டடக்காரர் சொல்வார், தரகர் தலையாட்டுவார். பத்திரம் எழுதுகிறவர் ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும் படிவத்தில் பெயரையும் தொகையையும் மாற்றி அச்செடுத்துக் கொடுப்பார். சலூன் வைக்கப் போகிற தம்பியும் வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்ட திருப்தியில் கையெழுத்துப் போட்டுவிடுவார். பதினோரு மாத ஒப்பந்தம்தான் சட்டம் சொல்வது, அதுதான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு என்று ஊரே நம்புகிறது. இந்த நம்பிக்கை தவறு. கடைவீதியில் இதனால் அதிகம் இழப்பவர் சலூன்காரர்.

முதலில் அந்தப் பதினோரு மாதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 17ஆவது பிரிவில், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது. பதிவு அலுவலகம் போகாமல் தப்பிக்க ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். அவ்வளவுதான் அதன் வரலாறு. கடைக்காரரைக் காப்பாற்ற யாரும் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை. பதிவுச் செலவை மிச்சப்படுத்தச் செய்த ஒரு குறுக்குவழி, காலப்போக்கில் சட்டம்போல ஆகிவிட்டது.

மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் இதனால் வரும் நஷ்டம் குறைவு. சரக்கை மூட்டை கட்டி அடுத்த கடைக்குக் கொண்டுபோகலாம். சலூன்காரர் போட்ட பணத்தில் பாதி, சுவரிலும் தரையிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், மாத வாடகை 7,000, அட்வான்ஸ் 50,000. இரண்டு நாற்காலியும் ஏசியும் 80,000 ரூபாய். இவற்றைக் கழற்றிக்கொண்டு போகலாம். தரைக்கு டைல்ஸ், தலை கழுவும் தொட்டிக்குக் குழாயும் வடிகாலும், ஏசி தாங்கும் வயரிங், சுவர் நீளத்துக்குக் கண்ணாடிச் சட்டம், மேலே சீலிங் என இன்னொரு லட்சம். இவை கட்டடத்தோடு போய்விடும்.

அந்த ஒரு லட்சத்தைப் பதினோரு மாதத்தில் எடுக்க வேண்டுமென்றால் மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் வாடகையோடு கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். மூன்று வருடத்தில் எடுப்பதானால் மாதம் 2,800க்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் இடைவெளி இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்காக அரைநாள் பேசியவர் ஆறாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வருகிறார். எனக்கு ஆற்றாமை தருவது இதுதான். வாடகைத் தொகையைக் குறைப்பதே பேரம் என்று நினைப்பதால், உண்மையில் பேச வேண்டிய காலத்தை நாம் இனாமாக விட்டுக்கொடுக்கிறோம்.

அந்த லட்சம் சுவரில் ஒட்டியிருப்பது கட்டடக்காரருக்கும் தெரியும். பதினோரு மாதம் முடிகிற அன்று அவர் 7,000ஐ 9,000 ஆக்கினால் சலூன்காரரால் எழுந்து போக முடியாது. போனால் டைல்ஸும் குழாயும் போகும். பழகிய வாடிக்கையாளரும் போவார்கள். 2023 ஜூன் 15 அன்று போடிக்கு மறுபடி ரயில் வந்தபோது ஊரே மகிழ்ந்தது. ரயில் வந்ததும் கடைவீதி வாடகை ஏறும் என்ற பேச்சும் கூடவே வந்தது. அப்படி ஏற்றுகிற நேரத்தில், கையில் மூன்று வருட ஒப்பந்தம் உள்ளவர் நிம்மதியாக இருப்பார். பதினோரு மாதத் தாள் உள்ளவர் கேட்டதைக் கொடுக்க வேண்டும்.

தேதியையும் கவனியுங்கள். தை பிறந்ததும் கடை திறப்பது நம் வழக்கம். ஜனவரி 15இல் தொடங்கினால் முதல் தாள் டிசம்பர் 14இல் முடியும். இரண்டாவது தாள் நவம்பர் 14இல் முடியும். அது தீபாவளியை ஒட்டிய சமயம். மலையில் ஏலக்காய் எடுப்பு நடந்து, காலையில் ஜீப் ஏறிப் போகிறவர்கள் கையில் கூலி புரளும் காலம். சலூன்காரர் கடையை விட்டு ஒரு நாள்கூட நகர முடியாத அந்த வாரத்தில்தான் அவர் மறுபடி வாடகை பேச உட்கார வேண்டியிருக்கிறது. பன்னிரண்டில் ஒரு மாதம் குறைவதால், புதுப்பிக்கும் நாள் வருடா வருடம் இப்படிப் பின்னோக்கி நகர்ந்து, ஒருநாள் நம் கழுத்தில் வந்து உட்காரும்.

"சரி, தாளில் மூணு வருஷம்னு எழுதிக்கிறோம், பதிவெல்லாம் எதுக்கு?" என்பார்கள் சிலர். இது இன்னும் மோசம். சொத்து மாற்றச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிந்த பத்திரத்தால் மட்டுமே உண்டாகும். ஐந்து வருடத்துக்கென்று எழுதிப் பதியாமல் விட்ட ஒரு பத்திரம், 2000ஆம் ஆண்டு அந்தோணி – இட்டூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பத்திரத்தால் ஐந்து வருட உரிமை உண்டாகவில்லை. கட்டடத்தை அனுபவித்து வாடகை கொடுத்து வந்ததால் மாதவாடகைக் குடிக்கூலி உறவு மட்டும் உண்டு என்றது நீதிமன்றம். மாதவாடகை என்றால் 106ஆவது பிரிவின்படி பதினைந்து நாள் நோட்டீஸில் முடிக்கக்கூடியது. ஆகவே பதியாத மூன்று வருடத் தாள், மூன்று வருடம் என்ற நினைப்பை மட்டுமே தரும்.

கட்டடக்காரர் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். "மூணு வருஷம் எழுதிக் கொடுத்தா கடை அவன் கைக்கே போயிரும்" என்பது அவர் அப்பா காலத்து அனுபவம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் குடியிருப்பவரைக் கிளப்ப வருடக்கணக்கில் நீதிமன்றம் அலைந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர் – வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகையை இருவரும் பேசி முடிவுசெய்யலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கும் உரிமை கட்டடக்காரருக்கு உண்டு. பயந்துகொண்டிருக்கிற சட்டம் போய்விட்டது என்பதைப் பேச்சின்போது அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது சலூன்காரரின் வேலை. அதைச் சொல்லாமல் மூன்று வருடம் கேட்டால் அவர் மறுக்கத்தான் செய்வார்.

பதிவுச் செலவைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களுக்கும் கணக்கைக் காட்டலாம். முதல் வருடம் 7,000, அடுத்தது 7,350, மூன்றாவது 7,700 என்று வைத்தால், மூன்று வருட வாடகை 2,64,600 ரூபாய். அட்வான்ஸ் 50,000ஐச் சேர்த்தால் 3,14,600. முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் என்றால் இரண்டும் சேர்ந்து 6,300 ரூபாய்க்குள். மாதத்துக்குப் பிரித்தால் 175 ரூபாய், ஒரு முடிவெட்டுக் காசு. இதற்குக் கிடைப்பது என்ன? குத்தகை வில்லங்கச் சான்றிதழில் ஏறும். கட்டடத்தை வாங்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். "புது ஓனர், உடனே காலி பண்ணுங்க" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகும்.

கட்டடக்காரருக்கும் ஏதாவது கிடைத்தால்தான் அவர் இணங்குவார். அதனால் வாடகை உயர்வை நாமே முன்வைக்க வேண்டும். வருடம் ஐந்து சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு வருமானம் உறுதி, நமக்குத் திடீர் அடி இல்லை. வாடகையில் முந்நூறு ரூபாய் கூடக் கேட்டால்கூடக் கொடுக்கலாம். பதிலுக்கு மூன்று வருடத்துக்குள் அவர் காலி செய்யச் சொல்லக்கூடாது, நாம் மூன்று மாத நோட்டீஸில் போகலாம் என்று வாங்க வேண்டும். வேலை நடக்கும் முதல் மாதத்துக்கு வாடகை வேண்டாம் என்றும் கேட்கலாம். கடை திறக்காத நாளுக்கு வாடகை கொடுக்கிற சலூன் தொடக்கத்திலேயே கடனில் விழுகிறது.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு வரி முக்கியம். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்கிறது 2017 சட்டம். காலி செய்த ஒரு மாதத்தில், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும் என்கிறது. நாம் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் ஐம்பதாயிரமும் செல்லும். ஆகவே தொகையைப் பேசும் இடம் பேச்சுவார்த்தை மேசைதான். பிறகு புலம்பிப் பயனில்லை.

பத்திரம் எழுதுகிறவர் கையில் இருக்கும் படிவத்தில், "கட்டடத்தில் செய்யப்படும் எல்லா வேலைகளும் உரிமையாளருக்கே சேரும்" என்பது போன்ற ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் விட்டால் கண்ணாடியையும் ஏசியையும் இழக்க நேரும். சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு இடத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்கும் உரிமையைக் குடியிருப்பவருக்குத் தருகிறது. ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னால் அந்த உரிமை போய்விடும். அந்த வரியை அடித்துவிட்டு, எதை எடுத்துப் போகலாம் என்று ஒரு பட்டியல் இணையுங்கள். மின் இணைப்பு யார் பெயரில், வணிகக் கட்டணம்தானா, முடி அடைத்த வடிகாலைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்பதும் அதில் வரட்டும். கட்டடம் அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவானதாக இருந்தால் வாடகை வாங்குகிற அண்ணனின் கையெழுத்து மட்டும் போதாது. பாகம் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

சில இடங்களில் இந்த வழி பொருந்தாது. கோயில் கடைகளும் நகராட்சிக் கடைகளும் 2017 சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அவற்றுக்கு அவற்றின் ஏல விதிகள் உண்டு. இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. பொட்டிபுரம் போன்ற ஊராட்சியில் கடை போடுகிறவருக்கு வாடகை ஆணையமோ அட்வான்ஸ் வரம்போ துணைக்கு வராது. அங்கே கையில் இருக்கிற பதிந்த பத்திரம் மட்டுமே பாதுகாப்பு. அப்படிப்பட்ட ஊரில் பதினோரு மாதத் தாள் இன்னும் அதிக ஆபத்து.

"நல்ல மனுஷர்தான், ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்பது கடைசியாக வரும் வாதம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பிறகு சொத்தைப் பிரிக்கப் போகிற பிள்ளைகளும், கட்டடத்தை வாங்கப் போகிறவரும் நமக்கு முகம் தெரியாதவர்கள். அவர்களோடு நாளை பேசப்போவது அந்தப் பத்திரம் ஒன்றுதான். அதனால் சலூன் வைக்கப் போகிறவர்களிடம் உறுதியாகச் சொல்கிறேன்: வாடகையைக் கடைசியில் பேசுங்கள். முதலில் மூன்று வருடம் கேளுங்கள், பதிவுக்குச் சம்மதம் கேளுங்கள். அவர் மறுத்தால், ஒரு லட்ச ரூபாய் வேலையை அந்தச் சுவரில் செய்யாதீர்கள். கழற்றக்கூடிய கண்ணாடியும் நாற்காலியும் மட்டும் போட்டுத் தொழிலைத் தொடங்குங்கள். அல்லது வேறு கடை பாருங்கள்.